கயிறு ஏற பழக்குறது எப்படி: தொங்குற பலம், மேட், பக்கத்துல நிக்கிறவங்க வேலை

இது புதுசா ஸ்கூல்ல சேர்ந்த பி.டி. டீச்சருங்களுக்கும், ஊர்ல சாயங்காலம் பசங்கள சேர்த்து பயிற்சி குடுக்குற அண்ணன் அக்காங்களுக்கும் எழுதுறேன். எட்டாவதுல இருந்து பன்னண்டாவது வரைக்கும் படிக்கிற பிள்ளைங்க, இதுவரைக்கும் கயிற தொட்டதே இல்ல, அவங்கள எங்க ஆரம்பிச்சு எப்படி மேல ஏத்துறதுங்கறது தான் விஷயம். நம்ம ஊர்ல பசங்க கயிறு கேக்குறதுக்கு பெரிய காரணம் போலீஸ் வேலை, ஆண்களுக்கான உடல்திறன் போட்டியில 5 மீட்டர் ஏறினா ஒரு ஸ்டார், 6 மீட்டர் ஏறினா ரெண்டு ஸ்டார்னு எல்லா பையனுக்கும் மனப்பாடமா தெரியும், அதனால முதல் நாளே அண்ணாந்து உச்சிய பாத்துட்டு தான் கயிற பிடிப்பான். அவன் கண்ண அங்க இருந்து கீழ கொண்டு வர்றது தான் உங்க முதல் வேலை.

நான் பிடிச்சுக்கிட்டு இருக்குற ஒரே கொள்கை இது தான். ஒரு பிள்ளை எந்த உயரத்துல இருந்து கைக்கு கை மாத்தி மெதுவா இறங்கி காட்டுதோ, அந்த உயரத்துக்கு தான் அதுக்கு அனுமதி. எவ்வளவு ஏறுச்சுங்கறத நான் கணக்குல எடுத்துக்குறதே இல்ல. ஏன்னா ஏறும்போது யாரும் பெருசா விழறதில்ல, ஏறி முடிச்சு முன்னங்கை கல்லு மாதிரி இறுகி, விரல் சொன்ன பேச்சு கேக்காம போன பிறகு, சரி சர்ருனு வழுக்கி இறங்கிடலாம்னு நினைக்கிற அந்த நேரத்துல தான் உள்ளங்கை தோல் உரியறதும், பாதி வழியில கைய விடறதும் நடக்குது.

இன்னொன்னு, உயரத்த கையில கணக்கு பண்ணாதீங்க, பாதத்துல பண்ணுங்க. ஒன்றரை மீட்டர் உயரமுள்ள பிள்ளை கைய நீட்டினா சுமார் 1.9 மீட்டர் வரும், அதனால கை 3 மீட்டர் அடையாளத்த தொட்டா பாதம் தரையில இருந்து ஒரு மீட்டருக்கு கொஞ்சம் மேல தான் இருக்கும். பாக்குற பசங்களுக்கு 3 மீட்டர், விழுந்தா தரைக்கு உள்ள தூரம் ஒரு மீட்டர். இந்த கணக்கு தெரிஞ்சா எங்க நிறுத்தணும்னு நீங்களே முடிவு பண்ணிடலாம். கயிறுல 2 மீட்டர், 3 மீட்டர், 4 மீட்டர்ல கலர் டேப் சுத்தி வைங்க, "பச்சை வரைக்கும் தான் இன்னிக்கு"ன்னு சொன்னா பிள்ளைங்களுக்கும் குழப்பம் இல்ல.

கயிறும் அது தொங்குற இடமும்

கயிறு மணிலாவா இருந்தா நல்லது, இல்லன்னா கெட்டியா முறுக்கின பருத்தி கயிறு. கனம் ஒன்றரை இஞ்ச், அதாவது 38 மில்லிமீட்டர் கிட்ட தான் பொதுவா ஏறுற கயிறுக்கு கிடைக்கும், ஆனா சின்ன கை உள்ள எட்டாவது ஒன்பதாவது பிள்ளைங்களுக்கு 32 மில்லிமீட்டர் கிடைச்சா அது சுலபமா பிடிபடும். கட்டை விரலும் நடு விரலும் கயிற சுத்தி ஒன்னையொன்னு கிட்டத்தட்ட தொடணும், தொடவே இல்லன்னா அந்த கைக்கு அந்த கயிறு பெருசு. நைலான் கயிறு வேணாம், வியர்வை பட்டா வழுக்கும், இழுத்தா நீளும், வழுக்கினா கைய சுட்டுடும். கிணத்துக்கு போடுற தேங்காய் நார் கயிறும் வேணாம், ரெண்டு நாள்ல உள்ளங்கைய குத்தி கிழிச்சிடும்.

மேல மாட்டுற இடம் பத்தி நான் விளக்கமா சொல்ல போறதில்ல, ஏன்னா அது வெல்டிங் தெரிஞ்ச ஆளும், கட்டடம் தெரிஞ்ச ஆளும் வந்து பாத்து சொல்ல வேண்டிய விஷயம். ஹுக்குல மாட்டியிருந்தா அது மூடின வளையமா இருக்கணும், வாய் திறந்த கொக்கியா இருக்க கூடாது. கயிறு இரும்ப உரசுற இடத்துல உள்ள ஒரு உலோக வளையம் குடுத்திருக்கணும். வேப்பமரத்துல கட்டியிருந்தா மாசத்துக்கு ஒரு தடவையாவது ஏணி வச்சு ஏறி பாருங்க, கயிறு மரப்பட்டைய அறுக்குதா, மரப்பட்டை கயிற அறுக்குதான்னு ரெண்டையும் பாக்கணும். காஞ்ச கிளை, பொந்து விழுந்த கிளை எதுவும் கூடாது.

ஒவ்வொரு கிளாசுக்கும் முன்னாடி ஒரு நிமிஷ வேலை: கயிற கையால கீழ இருந்து எட்டுற வரைக்கும் தடவிக்கிட்டே போங்க, புரிய கொஞ்சம் திருகி பிரிச்சு உள்ள பாருங்க, உள்ள தூள் தூளா கொட்டினா, கருப்பா பூஞ்சை வாடை அடிச்சா அந்த கயிறு முடிஞ்சுது. அப்புறம் பெரியவங்க ரெண்டு பேர் சேர்ந்து தரையில இருந்து கால் அரையடி மட்டும் எழும்புற அளவுக்கு தொங்கி பாருங்க. மேல ஏதாவது முனகுற சத்தம், லேசா இறங்குற உணர்வு வந்தா அன்னிக்கு கயிறு கிடையாது, பார் மட்டும் தான்.

கீழ என்ன போடணும், எங்க போடணும்

மேட்ட பத்தி ஒரு தப்பான நம்பிக்கை இருக்கு, கீழ மெத்தை இருக்குல்ல, விழுந்தா விழட்டும்னு. மேட் போடுறது கால் தரையில வைக்கும்போது தடுமாறுனா, குறைஞ்ச உயரத்துல கை விட்டா அடி குறையறதுக்கு. நாலு மீட்டர்ல இருந்து குறுக்கா விழுற பிள்ளைய எந்த மேட்டும் முழுசா காப்பாத்தாது. அதனால மேட் நல்லா இருக்குங்கறதுக்காக ஒரு அடி கூட கூடுதலா ஏத்தாதீங்க.

கயிறு சும்மா தொங்குற இடம் தான் நடுப்புள்ளி. அங்க இருந்து எல்லா பக்கமும் ரெண்டு மீட்டருக்கு சுவர், தூண், பெஞ்ச், இன்னொரு கயிறு எதுவும் இருக்க கூடாது, ஏன்னா ஏறுற பிள்ளை ஆடும், விழறப்போ நேர் கீழ விழாது, ஆடின திசையில விழும். மேட் எல்லா பக்கமும் குறைஞ்சது ஒன்றரை மீட்டருக்கு வரட்டும்.

நம்ம ஸ்கூல்கள்ல பெரும்பாலும் இருக்குறது ஆறுக்கு நாலு அடி, ரெண்டு இஞ்ச் கனமுள்ள மேட் தான். அத ரெண்டு ரெண்டா மூணு வரிசை போட்டா பன்னண்டுக்கு பன்னண்டு அடி இடம் கிடைக்கும், ஆனா அப்படி போட்டா ரெண்டு மேட் சேர்ற கோடு சரியா கயிறுக்கு கீழ வரும், அங்க தான் குதிகால் உள்ள போய் கணுக்கால் மடியும். அதனால ஏழு மேட் எடுத்து செங்கல் வரிசை கட்டுற மாதிரி போடுங்க, முதல் வரிசைக்கு ரெண்டு, நடு வரிசைக்கு மூணு, கடைசி வரிசைக்கு ரெண்டு. நடு வரிசையோட நடு மேட்டுல அதோட மையத்துல கயிறு தொங்கணும். நடு வரிசை ரெண்டு பக்கமும் கொஞ்சம் வெளிய நீட்டும், அதனால ஒன்னும் இல்ல. எல்லா மேட்டையும் வெல்க்ரோவாலயோ பட்டையாலயோ சேர்த்து கட்டுங்க, கட்ட ஒன்னும் இல்லன்னா ஒவ்வொரு பிள்ளை இறங்கின பிறகும் காலால தள்ளி இடைவெளிய மூடுறதுக்கு ஒரு பிள்ளைக்கு பொறுப்பு குடுங்க.

சிமெண்ட் தரையில மணல் தூசி இருந்தா மேட் வழுக்கும், அதனால கீழ பெருக்கிட்டு தான் போடணும். போட்ட பிறகு ஓடி வந்து ஒரு கால் வச்சு நிறுத்தி பாருங்க, மேட் நகர்ந்தா அது மேட் இல்ல, சறுக்குற பலகை. மேட் மேல முட்டி போட்டு உடம்பு எடைய இறக்கி பாருங்க, முட்டிக்கு தரை தெரிஞ்சா உள்ள இருக்குற ஃபோம் செத்து போச்சு.

எட்டு பத்து இஞ்ச் கனமான பெரிய மெத்தை மேட் இருந்தா நல்லது தான், ஆனா அத தனியா போடாதீங்க, அதோட விளிம்புல கால் பட்டா ரொம்ப மோசமா மடியும். சுத்தி மெல்லிய மேட் போடுங்க. அது ரொம்ப மெதுமெதுன்னு இருந்தா இறங்குறப்போ முட்டிய லேசா மடக்கி ரெண்டு காலையும் சேர்த்து வைக்கணும்னு முன்னாடியே பழக்குங்க. கயிறோட வால் பகுதி மேட் மேல சுருண்டு கிடக்குறத நிறைய பேர் கவனிக்கறதில்ல. இறங்குற பிள்ளை அது மேல கால் வச்சா கணுக்கால் போச்சு. வால் மேட்ட தொட்டும் தொடாம இருக்குற நீளம் போதும், மிச்சம் இருந்தா இறங்குற நேரத்துல ஒருத்தர் ஓரமா இழுத்து வைக்கணும்.

மேட்டே இல்லாத ஸ்கூல்ல நீளம் தாண்டுற மணல் குழிக்கு மேல கயிறு கட்டுறாங்க, அது நல்ல ஏற்பாடு தான், மணல் ஒரு அடி ஆழத்துக்கு உதிரியா இருந்தா மட்டும். மழை பெஞ்சு காஞ்ச மணல் சிமெண்ட் மாதிரி இறுகிடும், கிளாசுக்கு முன்னாடி மம்முட்டியால முழுசா கிளறி விடணும், கிளறும்போதே கல்லு, கண்ணாடி, ஆணி எல்லாம் பொறுக்கிடலாம்.

முதல்ல பார்ல தொங்கட்டும்

கயிறுல முதல் மூணு நாலு வாரம் தொங்கவே வேணாம். ஹாரிசாண்டல் பார் போதும், பிள்ளை கைய நீட்டி பிடிச்சா பாதத்தோட முன்பகுதி தரைய தொடுற உயரம் தான் சரி. உயரமான பார் மட்டும் இருந்தா கீழ உறுதியான பெஞ்ச் போட்டுக்கோங்க. மதியம் வெயில்ல இரும்பு பார் கொதிக்கும், உங்க கைய வச்சு பாத்துட்டு பிள்ளைங்கள பிடிக்க சொல்லுங்க.

முதல் படி, கால் தரையில இருக்க, முட்டிய மடக்கி உடம்பு எடைய கொஞ்சம் கொஞ்சமா கைக்கு மாத்துறது. கட்டை விரல் பார சுத்தி வரணும், மத்த விரலோட சேர்த்து மேல வைக்க கூடாது. பத்து எண்ணுற வரைக்கும் இருக்க முடிஞ்சா அடுத்தது காலை தூக்கி நேரா தொங்குறது. இதுல தோள்பட்டை காதுக்கு பக்கத்துல ஏறி போய் உடம்பு சாக்கு மூட்டையா தொங்கும், முதல்ல அப்படித்தான் இருக்கும்.

ரெண்டாவது படி தான் முக்கியமானது, நிறைய பேர் தாண்டி போயிடுறாங்க. முழங்கைய மடக்காம தோள்பட்டைய மட்டும் காதுல இருந்து கீழ இறக்கணும், உடம்பு ஒரு ரெண்டு மூணு இஞ்ச் மேல வரும், கழுத்து நீளமா தெரியும். பக்கத்துல நின்னு முதுகுல தோள்பட்டை எலும்ப பாருங்க, அது ரெண்டும் கீழ இறங்கி நடுவுல வந்தா சரி. இந்த நிலையில தொங்கினா எடைய தசை தாங்கும், தளர்ந்து தொங்கினா தோள் மூட்டு தாங்கும். கயிறுல ஒவ்வொரு கையா மாத்தும்போது மொத்த எடையும் ஒரு தோள்ல வர்றதால இது வராத பிள்ளைய கயிறுக்கு கொண்டு போகாதீங்க. ஐந்து எண்ணி தொங்கி, தளர்ந்து, திரும்ப ஐந்து எண்ணி, அப்படி நாலு தடவை, வாரத்துக்கு மூணு நாள், நடுவுல ஒரு நாள் ஓய்வு. தினமும் செஞ்சா சீக்கிரம் வரும்னு பசங்க நினைப்பாங்க, முழங்கை உள்பக்கம் வலி தான் சீக்கிரம் வரும்.

இதோட கூடவே இழுக்குற பலத்துக்கு, இடுப்பு உயர பார்ல கீழ படுத்து, குதிகால் தரையில இருக்க, நெஞ்ச பாருக்கு கொண்டு போறது. பத்து தடவை வந்த பிறகு பெஞ்ச் மேல ஏறி, முகவாய் பாருக்கு மேல இருக்குற மாதிரி பிடிச்சு, காலை எடுத்துட்டு அப்படியே நிக்கிறது, முடியாதப்போ ஐந்து எண்ணிக்கிட்டே மெதுவா இறங்குறது. இந்த இறங்குற வேலை தான் கயிறுல இறங்குறதுக்கு நேரா உதவுது. புல்-அப் ஒன்னு கூட எடுக்க முடியாத பிள்ளையும் கயிற கால்ல சுத்தி பாதத்தால அழுத்தி பிடிக்கிற கால் பூட்டு போட்டு கயிறு ஏறும், அதனால புல்-அப் வரலன்னு யாரையும் ஒதுக்காதீங்க.

கயிறுக்கு போறதுக்கு முன்னாடி நான் பாக்குறது ரெண்டு தான்: தோள்பட்டைய இறக்கி வச்சு 20 விநாடி நேர் கையில தொங்கணும், மடக்கின கையில 5 விநாடி நின்னு 5 விநாடியில இறங்கணும். இது யாரோ போட்ட சட்டம் இல்ல, நான் வச்சிருக்குற அளவு. இத குறைக்காம இருந்தா கயிறுல கை விட்டு போறது ரொம்ப குறையுது.

வளர்ற வயசுல விரல் எலும்பு, முழங்கை எலும்போட வளர்ச்சி தட்டு இன்னும் இறுகாம இருக்கும். தொங்கின பிறகு முன்னங்கை சதை வலிக்கிறது சாதாரணம், ஆனா விரலோட நடு மூட்டுலயோ முழங்கையோட உள்பக்க எலும்புலயோ விரல் வச்சு அமுக்கினா சுளீர்னு வலிச்சா, அது மறுநாளும் இருந்தா தொங்குறத நிறுத்தி டாக்டர்கிட்ட அனுப்புங்க. எண்ணெய் தேய்ச்சு சரி பண்ணிக்கலாம்னு விடாதீங்க.

பார்ல இருந்து கயிறுக்கு

கயிறு செங்குத்தா இருக்குறதால மணிக்கட்டு வேற மாதிரி வேலை செய்யும், பார்ல 20 விநாடி தொங்குற பிள்ளை கயிறுல பாதி கூட நிக்காது. அதனால கயிறுல முதல் பயிற்சி படுத்து எழுந்திரிக்கிறது. மேட்ல மல்லாக்க படுத்து, கயிற பிடிச்சு, குதிகால் தரையில இருக்க, உடம்ப வளைக்காம கைக்கு கை மாத்தி எழுந்து நிக்கணும், அதே மாதிரி கைக்கு கை மாத்தி திரும்ப படுக்கணும். படுக்குறது தான் இதுல பாடம். தொப்புனு முதுகு விழுந்தா இறங்குற பலம் இன்னும் வரல.

அடுத்தது நின்னுக்கிட்டு, தலைக்கு கொஞ்சம் மேல ரெண்டு கையும் ஒன்னு மேல ஒன்னா பிடிச்சு, முட்டிய நெஞ்சுக்கு தூக்கி ஐந்து எண்ணுறது. பாதம் தரையில இருந்து ஒரு அடி கூட இருக்காது, ஆனா முழு எடையும் கயிறுல. இத வலது கை மேல ஒரு தடவை, இடது கை மேல ஒரு தடவைன்னு மாத்தி செய்ய வைங்க.

கை வழுக்குதுன்னா பலம் இல்லன்னு உடனே முடிவு பண்ணாதீங்க. காலையில தலைக்கு எண்ணெய் வச்சுட்டு வந்த பிள்ளை ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை முடிய ஒதுக்கும், அந்த எண்ணெய் கைக்கு வந்து, கைல இருந்து கயிறுக்கு போய், அதுக்கு அப்புறம் வர்ற எல்லாருக்கும் வழுக்கும். சோப்பு போட்டு கை கழுவி துணியால துடைச்சுட்டு வந்தா பாதி பிரச்சனை போயிடும். மோதிரம், வளையல், கழுத்து செயின், மணிக்கட்டுல கட்டியிருக்குற சாமி கயிறு எல்லாம் கழட்டணும், கழட்ட மாட்டேன்னா அது மேல இறுக்கமா துணி பட்டை சுத்தி விடுங்க. துப்பட்டா, டை, ஐடி கார்டு கயிறு கூடவே கூடாது. முழு பேன்ட், கெண்டைக்கால மூடுற சாக்ஸ், சாதாரண கேன்வாஸ் ஷூ இருந்தா போதும். ஹாஃப் டிரவுசரோட ஏறினா கயிறு காலை அறுக்கும், வலி தாங்காம கால் பூட்ட பிரிச்சிடுவாங்க.

விழுப்புரம் பக்கம் மல்லர் கம்பம் பழகின பிள்ளைங்க வெறும் கால்ல, கால் விரலுக்கு நடுவுல கயிற பிடிச்சு அருமையா ஏறுவாங்க. அது மெல்லிய பருத்தி கயிறு, அதுக்குன்னு தனி குரு, தனி பயிற்சி. அத பாத்துட்டு நம்ம கயிறுல மத்த பிள்ளைங்க முயற்சி பண்ண விடாதீங்க. அதே மாதிரி வெறும் கையால ஏறுறதும் இப்போ வேணாம். 1896 ஏதென்ஸ்ல ஆரம்பிச்சு 1932 வரைக்கும் சில ஒலிம்பிக்ல கயிறு ஏறுறது போட்டியாவே இருந்துச்சு, அதெல்லாம் வருஷக்கணக்கா பழகின ஜிம்னாஸ்டுங்க வேலை.

கால் பூட்டு

பூட்டுல ரெண்டு மூணு வகை இருக்கு, புதுசா வர்றவங்களுக்கு நான் சுத்து பூட்டு மட்டும் தான் சொல்லி தருவேன், மெதுவா இருந்தாலும் உறுதியானது. முதல்ல பெஞ்ச்ல உக்கார வச்சு பழக்குங்க. கயிறு ரெண்டு தொடைக்கும் நடுவுல வரட்டும், வலது முழங்காலோட உள்பக்கமா இறங்கி, கெண்டைக்காலுக்கு பின்னாடி சுத்தி வெளிப்பக்கம் வந்து, வலது பாதத்தோட மேல்பக்கத்துல குறுக்கா விழணும், ஷூ லேஸ் கட்டுற இடம். இப்போ இடது பாதத்த அந்த கயிறு மேல வச்சு அழுத்தணும். கயிறு லேஸ் மேல இல்லாம விரல் நுனிக்கு போயிடுச்சுன்னா நழுவும், இது தான் எல்லாரும் பண்ற தப்பு, கீழ இருந்து பாத்தா உடனே தெரியும்.

உக்காந்து கண்ண மூடிக்கிட்டே போட வந்த பிறகு நின்னு போடட்டும், அப்புறம் முட்டிய தூக்கி தொங்கிக்கிட்டு போடட்டும். பூட்டு சரியான்னு பாக்க, பாதம் ஒரு அடி உயரத்துல இருக்கும்போது பூட்டு மேல எழுந்து நிக்க சொல்லி, ஒரு கைய மட்டும் எடுத்து ஐந்து எண்ண சொல்லுங்க. நழுவாம நின்னா அந்த பிள்ளைக்கு கயிறுல எங்க வேணும்னாலும் ஓய்வு எடுக்குற இடம் கிடைச்சாச்சு.

ஏறுறது இப்படி: கை ரெண்டும் மேல, இடது பாதத்த லேசா தளர்த்தி முட்டிய நெஞ்சுக்கு தூக்கு, சுத்து பிரியாம கயிறு அதுக்குள்ள ஓடும், திரும்ப அழுத்து, காலால எழுந்து நில்லு, அப்புறம் தான் கைய மாத்து. தூக்குறது கால், கை வெறும் பிடிமானம். இறங்குறது இதுக்கு நேர் எதிர்: கைய ஒவ்வொன்னா நெஞ்சு வரைக்கும் இறக்கு, பாதத்த கொஞ்சமா தளர்த்தி கை நீள்ற வரைக்கும் கீழ போ, அழுத்தி நிறுத்து, திரும்ப கை. கை கயிறு மேல உரசி வரவே கூடாது, எடுத்து எடுத்து வைக்கணும். பாதம் மேட்ட தொட்ட பிறகு தான் கைய விடணும், அரை மீட்டர் தானேன்னு குதிக்க விடாதீங்க.

பக்கத்துல நிக்கிறவங்க வேலை

ஸ்பாட்டிங்னா விழுறவங்கள ரெண்டு கையால ஏந்திக்கிறதுன்னு நினைச்சா ரெண்டு பேருக்கும் அடி. ஏறுற பிள்ளையோட பாதம் உங்க இடுப்பு உயரத்த தாண்டாத வரைக்கும் தான் உங்க கை உதவும். அந்த உயரம் வரைக்கும் நேர் கீழ நிக்காம பக்கவாட்டுல, ஒரு கால் முன்ன ஒரு கால் பின்ன வச்சு, முட்டிய லேசா மடக்கி நில்லுங்க. ஒரு கை பிள்ளையோட இடுப்பெலும்பு பக்கம், இன்னொரு கை மேல் முதுகு பக்கம், தொடாம ஒரு சாண் தள்ளி தயாரா இருக்கட்டும். கை விட்டா இடுப்பையும் முதுகையும் தாங்கி, வேகத்த குறைச்சு, கால் முதல்ல மேட்டுக்கு வர்ற மாதிரி வழிகாட்டணும். காலை பிடிச்சீங்கன்னா தலைகீழா கவுந்துடும், அதனால காலை மட்டும் பிடிக்கவே கூடாது.

தொடுறதுக்கு முன்னாடி "இடுப்புல கை வைப்பேன், சரியாம்மா?"ன்னு கேட்டுக்கோங்க, பொண்ணுங்களுக்கு பயிற்சி எடுத்த பொண்ணுங்களோ டீச்சரோ நிக்கட்டும். இந்த வேலைய பிள்ளைங்களுக்கே கத்து குடுக்கலாம், ஆனா நீங்க அந்த மேட்ட விட்டு நகர கூடாது, ஒரே நேரத்துல ஒரு கயிறு தான்.

கயிறு வால பிடிக்க இன்னொருத்தர் வேணும். அவங்க மேட் ஓரமா பக்கவாட்டுல நின்னு லேசா இழுத்து பிடிச்சா கயிறு ஆடாது, பூட்டு போட சுலபமா இருக்கும். விறைப்பா இழுத்தா பாதத்துல கயிற சுத்தவே முடியாது. பாதம் இடுப்பு உயரம் தாண்டினதும் வால் பிடிச்சவங்க, ஸ்பாட்டர் எல்லாரும் மேட்ட விட்டு பின்னாடி வந்துடணும். அதுக்கு மேல காப்பாத்துறது அந்த பிள்ளையோட பூட்டும் உங்க குரலும் தான்.

அப்போ உங்க கண்ணு பிள்ளையோட கையில இருக்கணும். பிடிச்ச விரல் கொஞ்சம் கொஞ்சமா விரியுது, முழங்கை நீண்டு தோள் காதுக்கு ஏறுது, பாதம் பூட்ட தேடி காத்துல மிதிக்குது, மூச்ச அடக்கிக்கிட்டு பேச்சுக்கு பதில் வரல, இதுல ஒன்னு தெரிஞ்சாலும் "நிறுத்து, பூட்டு போடு, இறங்கு". இன்னும் ஒரு அடி தான்னு சுத்தி நிக்கிற பசங்க கத்துறத அனுமதிக்காதீங்க. பிள்ளை "கை போகுது"ன்னு சொன்னா கேள்வியே இல்லாம இறக்கணும்.

மேல போய் பயத்துல உறைஞ்சு போனா கத்தாதீங்க, கீழ பாருன்னும் சொல்லாதீங்க. "கயிற கட்டி பிடிச்சுக்கோ, இடது கால அழுத்து, மூச்சு விடு, இப்போ மேல இருக்குற கைய மட்டும் கீழ வை"ன்னு ஒவ்வொன்னா, ஒன்னு முடிஞ்ச பிறகு அடுத்தது. யாராவது விழுந்து கழுத்து வலி, முதுகு வலி, மயக்கம், கை கால் மரத்து போச்சுன்னு சொன்னா தூக்கி உக்கார வைக்காதீங்க, தண்ணி குடுக்காதீங்க, அசையாம படுக்க வச்சு 108க்கு போன் பண்ணுங்க.

ஒரு பொண்ணு 3 மீட்டர் தொட்டது

ஒன்பதாவது படிக்கிற பொண்ணு, உயரம் 152 செ.மீ., முதல் நாள் பார்ல 8 விநாடி தொங்கினா, தோள் காதுல. முதல் ரெண்டு வாரம் காலை தரையில வச்சு எடைய மாத்துறதும், தோள்பட்டைய இறக்குறதும் மட்டும். மூணாவது வாரம் 14 விநாடி, நாலாவது வாரம் 21. மடக்கின கை தான் அவளுக்கு வரவே இல்ல, பெஞ்ச்ல இருந்து காலை எடுத்ததும் கீழ வந்துடுவா, அதனால ரெண்டு வாரம் வெறும் இறங்குறது மட்டும் குடுத்தோம், முதல்ல ஒரு விநாடி, அப்புறம் மூணு, ஆறாவது வாரம் முடிவுல ஐந்து நின்னு ஐந்துல இறங்கினா.

இதுக்கு நடுவுலயே படுத்து எழுந்திரிக்கிறதும், பெஞ்ச் மேல பூட்டும் நடந்துச்சு. 38 மில்லிமீட்டர் கயிறுல அவ விரல் சேரல, அதனால எல்லா பயிற்சியும் மெல்லிய கயிறுக்கு மாத்தினோம். ஏழாவது வாரம் ஒரு கைய எடுத்து நிக்கிறப்போ ரெண்டு தடவை நழுவினா, காரணம் கயிறு லேஸ்ல இல்லாம விரல் பக்கம் விழுந்தது, வலது பாதத்த மேல் நோக்கி மடக்கி வைன்னு சொன்னதும் நின்னுடுச்சு. அந்த வாரம் 2 மீட்டர் டேப் வரைக்கும் மட்டும், ஒவ்வொரு தடவையும் இறங்குறத தான் பாத்தோம், ஒரு நாள் கடைசி முயற்சியில கை உரசி வழுக்கினா, அதனால அடுத்த கிளாசும் 2 மீட்டர் தான்னு சொல்லிட்டோம், முகம் வாடுச்சு, ஆனா ஏத்துக்கிட்டா. எட்டாவது வாரம் மூணு முயற்சியிலயும் கை எடுத்து வச்சு இறங்கின பிறகு 3 மீட்டருக்கு அனுப்பினோம். பாதம் ஒரு மீட்டருக்கு மேல, ஸ்பாட்டர் பின்னாடி வந்தாச்சு, டேப்ப தொட்டு, பூட்டு மேல நின்னு மூச்சு வாங்கி, கைக்கு கையா இறங்கி வந்தா.

இவ கூட ஆரம்பிச்ச ஒரு பதினொன்னாவது பையன் ரெண்டாவது வாரமே பார்ல 30 விநாடி தொங்கினான், அவனும் பூட்டும் இறங்குறதும் சரியா வர ஐந்தாவது வாரம் ஆச்சு. அதனால வாரக்கணக்க பாத்து ஏத்தாதீங்க, செஞ்சு காட்டுறத பாத்து ஏத்துங்க. ஒரு கிளாஸ்ல ஒரு பிள்ளைக்கு மூணு ஏத்தம் போதும், நடுவுல ரெண்டு மூணு நிமிஷம் இடைவெளி, நாலாவது கேட்டா படுத்து எழுந்திரிக்கிறது குடுங்க.

கிளாஸ் முடிஞ்சதும் கயிற அப்படியே தொங்க விட்டுட்டு போகாதீங்க. மேட் உள்ள போயிடும், கயிறு மட்டும் நிக்கும், மதிய சாப்பாட்டு நேரத்துல ஆறாவது பிள்ளைங்க வந்து ஏறும், பக்கத்துல யாரும் இருக்க மாட்டாங்க. வால சுருட்டி இன்னொரு சின்ன கயிறுல கட்டி பெரியவங்க ஏணி வச்சா மட்டும் எட்டுற உயரத்துக்கு இழுத்து கட்டுங்க, அந்த ஏணிய ரூமுக்குள்ள வச்சு பூட்டி சாவிய நீங்களே வச்சுக்கோங்க.